இணையதள நிறுவனம் தரும் விலைப்புள்ளியை வரி வரியாகச் சரிபார்க்கும் முறை

பவானிப் பகுதியில் ஜமக்காளம் விற்கும் எங்கள் குடும்பக் கடைக்கு இணையதளம் அமைக்க முடிவு செய்தபோது, பல நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடவே முடியவில்லை. ஒருவர் எட்டு இனங்களாகப் பிரித்துக் காட்டியதை இன்னொருவர் ஒரே வாக்கியத்தில் அடக்கியிருந்தார். குறைவான தொகை கேட்டவர் எதையெல்லாம் செய்யமாட்டார் என்பது தாளில் எங்கும் இல்லை. அவற்றைச் சரிபார்க்க நாங்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்ட முறையை, முதன்முறையாக இணையதளம் அமைக்கும் சிறுவணிகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

விளக்குவதற்கு வசதியாக, நாங்கள் பார்த்தவற்றின் சாயலில் ஒரு மாதிரி விலைப்புள்ளியை எடுத்துக்கொள்கிறேன். அறுபது பொருள்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டி, இணையத்திலேயே பணம் பெற்று விற்கும் ஒரு கடைக்கானது இது. இதில் டொமைன் என்பது தளத்தின் இணைய முகவரி, ஹோஸ்டிங் என்பது தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம், எஸ்எஸ்எல் என்பது தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே போகும் தரவைக் குறியாக்கம் செய்ய உதவும் சான்றிதழ், பேமென்ட் கேட்வே என்பது வாடிக்கையாளரின் பணத்தை இணையத்தில் பெற்றுத் தரும் சேவை, அட்மின் பேனல் என்பது பொருளையும் விலையையும் நீங்களே மாற்றும் பகுதி, எஸ்இஓ என்பது கூகுள் தேடலில் தளம் நன்றாகத் தெரியச் செய்யும் வேலை, அனலிட்டிக்ஸ் என்பது தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் சேவை.

1. டொமைனும் ஹோஸ்டிங்கும், ஓராண்டுக்கு: ரூ. 9,500
2. எஸ்எஸ்எல் சான்றிதழ்: ரூ. 4,000
3. இணையதள வடிவமைப்பு, 10 பக்கங்கள் வரை: ரூ. 35,000
4. கைப்பேசிக்கேற்ற ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு: ரூ. 8,000
5. இ-காமர்ஸ் வசதி: ரூ. 30,000
6. பேமென்ட் கேட்வே இணைப்பு: ரூ. 8,000
7. அட்மின் பேனல்: ரூ. 12,000
8. அடிப்படை எஸ்இஓ: ரூ. 10,000
9. கூகுள் அனலிட்டிக்ஸ், கூகுளில் பதிவு: ரூ. 3,500

மொத்தம் ரூ. 1,20,000. அடியில் சிறிய எழுத்தில், ‘ஜிஎஸ்டி தனி, 60 விழுக்காடு முன்பணம், உள்ளடக்கம் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் வேலை முடியும், பராமரிப்பு தனி’ என்று இருக்கிறது.

## 1. அடிக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானோர் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மேலிருந்து கீழாகப் படிக்கிறார்கள். நீங்கள் கீழே உள்ள நிபந்தனைகளை முதலில் படியுங்கள். உண்மையான தொகையும் காலமும் அங்கேதான் தீர்மானமாகின்றன. ‘ஜிஎஸ்டி தனி’ என்ற இரண்டு சொற்களால், 18 விழுக்காட்டுக் கணக்கில், மேற்கண்ட தொகை ரூ. 21,600 கூடி ரூ. 1,41,600 ஆகிறது. வேறொருவர் ஜிஎஸ்டி உட்பட ரூ. 1,30,000 என்று கேட்டிருந்தால் அவருடையதே குறைவு.

ஜிஎஸ்டி கேட்பவரின் பதிவு எண் விலைப்புள்ளியில் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடினால், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் யார் பெயரில் உள்ளது என்பதும் தெரியும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. உங்கள் கடை வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டுவதாக இருந்தால், இந்த 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரியாகத் திரும்ப ஈடுசெய்துகொள்ள வாய்ப்புண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அந்த வாய்ப்பு இல்லை. எனவே எந்தத் தொகையை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## 2. ஒவ்வொரு இனத்தின் அருகிலும் ‘ஒருமுறையா, ஆண்டுதோறுமா’ என்று எழுதுங்கள்

மாதிரியில் ஒரு இனத்தில் மட்டுமே ‘ஓராண்டுக்கு’ என்று இருக்கிறது. ஆனால் எஸ்எஸ்எல் சான்றிதழும் ஆண்டுச் செலவாகக் கேட்கப்படக்கூடியதுதான். இ-காமர்ஸ் வசதிக்குள் கட்டண நீட்சிகள், அதாவது விலை கொடுத்து வாங்கும் பிளகின்கள், இருந்தால் அவற்றுக்கும் பெரும்பாலும் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் உண்டு. அது கட்டப்படாவிட்டால் தளம் உடனே நின்றுவிடாது. புதுப்பிப்புகள் வராமல் போகும்; பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். அதனால் இது முதல் ஆண்டில் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது, புதிய வேலை எதுவும் செய்யாமல் தளம் இப்படியே நடக்க, நான் யார் யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஹோஸ்டிங் நிறுவனங்கள் முதல் ஆண்டுக்குச் சலுகை விலையும் புதுப்பிக்கும்போது அதைவிடக் கணிசமாக அதிகமான விலையும் வைப்பது வழக்கம் என்பதால், புதுப்பிப்பு விலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

## 3. ஊதிப் பெருக்கப்பட்ட இனங்களைப் பிரித்தெடுங்கள்

ஒரு இனம் தேவையின்றி ஊதிப் பெருக்கப்பட்டதா என்பதை அறிய, ‘இது இல்லாமல் மற்ற வேலையை ஒப்படைக்க முடியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அது தனி வேலை அல்ல, வேறொரு இனத்தின் பகுதி. ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு அப்படிப்பட்டது. வாடிக்கையாளர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கப்போகிறார் என்னும்போது, கைப்பேசியில் சரியாகத் தெரியாத ஒன்றை ரூ. 35,000 வாங்கிக்கொண்டு யாரும் ஒப்படைக்க இயலாது. ஆகவே ரூ. 8,000 மூன்றாம் இனத்துக்குள் அடங்க வேண்டியது.

எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இலவசமாகவே வழங்குகிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே அது தானாக நிறுவப்பட்டுத் தானாகப் புதுப்பிக்கப்படுகிறது. விலை கொடுத்து வாங்கும் சான்றிதழ்களும் இருக்கின்றன. அவற்றில் சில நிறுவனத்தின் அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்த்துத் தரப்படுபவை. ஒரு ஜமக்காளக் கடைக்கு அது தேவையில்லை, இரண்டிலும் தரவு குறியாக்கம் ஒன்றேதான். விலைப்புள்ளி தந்தவர் வேறு காரணம் சொன்னால், எந்த நிறுவனத்தின் எந்த வகைச் சான்றிதழ் என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.

அட்மின் பேனலைப் பொறுத்தவரை, தளம் எதில் கட்டப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பதில் கிடைக்கும். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் ஆகியவற்றில் கட்டினால், பொருள் சேர்ப்பது, விலை மாற்றுவது, ஆர்டர் பார்ப்பது எல்லாமே அந்த இலவச மென்பொருள்களுடன் வருபவை. அதற்கு ரூ. 12,000 என்பது யாரும் செய்யாத வேலைக்கான தொகை. தளத்தை முழுவதும் புதிதாக நிரல் எழுதி உருவாக்குகிறார்கள் என்றால் அட்மின் பேனல் உண்மையிலேயே பெரிய வேலை, அந்தத் தொகை நியாயமானதே. ஒரே இனம் ஒரு முறையில் ஊதிப் பெருக்கப்பட்டதாகவும் மறு முறையில் சரியானதாகவும் இருப்பதால், ‘எந்த மென்பொருளில்’ என்பது விலைப்புள்ளியில் எழுதப்பட்டிருக்க வேண்டிய தகவல்.

பேமென்ட் கேட்வே இணைப்பை நான் ஊதிப் பெருக்கப்பட்டதாகக் கருதவில்லை. இணைக்கும் நீட்சி இலவசமாகக் கிடைத்தாலும், சோதனை முறையில் பணம் செலுத்திப் பார்ப்பது, தோல்வியடைந்த பரிவர்த்தனையின் ஆர்டர் என்னவாகிறது என்று பார்ப்பது, பணத்தைத் திருப்பித் தந்து பார்ப்பது ஆகியவை நேரம் பிடிப்பவை. இந்த மூன்று சோதனைகளும் அந்த இனத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. கேட்வே நிறுவனம் ஒவ்வொரு விற்பனையிலும் பிடிக்கும் கட்டணம் இந்த ரூ. 8,000-க்குள் வராது. அது 2 விழுக்காடு என்றும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்றும் வைத்துக்கொண்டால், ரூ. 2,000 விலையுள்ள ஜமக்காளத்தில் ரூ. 47.20 பிடித்தம் போக ரூ. 1,952.80 உங்களுக்கு வரும்.

கடைசி இரண்டு இனங்களைச் சேர்த்துப் பாருங்கள். கூகுளில் தளத்தைப் பதிவதும் அனலிட்டிக்ஸ் இணைப்பதும் இலவசச் சேவைகள். அவை அடிப்படை எஸ்இஓ வேலையின் பகுதியே. ‘அடிப்படை எஸ்இஓ’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பட்டியல் கேளுங்கள்: ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பும் விவரக்குறிப்பும், படங்களுக்கு மாற்றுரை, தளத்தின் பக்கங்களைக் கூகுளுக்குப் பட்டியலிடும் தளவரைபடம், தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும், உங்கள் ஜிமெயில் கணக்கிலேயே திறக்கப்பட்ட சர்ச் கன்சோல். அதற்கு மாறாக ‘முதல் இடத்தில் வரவைப்போம்’ என்று உறுதி கொடுத்தால் நம்பவேண்டாம். அப்படி ஓர் உறுதியை எவரும் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது.

## 4. எழுதப்படாமல் விடுபட்டதைத் தேடுங்கள்

ஊதிப் பெருக்கப்பட்ட இனத்தால் போகும் பணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். விடுபட்ட இனமோ வேலை முக்கால்வாசி முடிந்து, முன்பணமும் கைமாறிய பிறகு, ‘அது இதில் சேராது’ என்ற பதிலாக வருகிறது. அதனால் இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள்.

பொருள்களை ஏற்றும் வேலை. மாதிரியில் ‘10 பக்கங்கள் வரை’ என்று இருக்கிறது. அறுபது பொருள்களுக்கும் தலா ஒரு பக்கம் வரும். இருமொழி என்றால் அது 120 ஆகும். இவற்றை யார் ஏற்றுவது என்பதற்கு எந்த இனத்திலும் பதில் இல்லை. ஒரு ஜமக்காளத்தை ஏற்றுவதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: முழுதும் விரித்த படம், கரையின் நெருக்கப் படம், மடித்து வைத்த படம், நீள அகலம், எடை, நூல் வகை, விலை, எச்எஸ்என் எண், இரு மொழிகளிலும் விவரம். கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் பல எம்பி அளவில் இருக்கும். அதைச் சுருக்காமல் ஏற்றினால் பக்கம் திறக்கவே நேரமாகும். அறுபது பொருள்களுக்கு 180 படங்கள். ‘நாங்கள் மாதிரிக்குப் பத்து பொருள் ஏற்றித் தருவோம், மீதியை நீங்கள் ஏற்றிக்கொள்ளலாம்’ என்பதுதான் வழக்கமான பதில். அது தவறான ஏற்பாடு அல்ல. ஆனால் உங்கள் வீட்டில் அந்த வேலைக்கு ஆள் இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துருவை மாற்றும் வேலை. கடையின் பழைய துண்டறிக்கைகளும் விலைப்பட்டியல்களும் அச்சகத்தில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம். கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் அது யூனிகோட்; பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால் வானவில், பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் உள்ளது என்று பொருள். அதை அப்படியே இணையதளத்தில் இட முடியாது. மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் பழைய குறியாக்கத்தில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால் வரும். மாற்றும்போது கொம்பும் துணைக்காலும் சில இடங்களில் பிசகுவதுண்டு. எனவே மாற்றுவதோடு மெய்ப்புப் பார்ப்பதும் ஒரு வேலை. தமிழில் தளம் கேட்கும் எல்லோரும் இந்த இனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆர்டர் மின்னஞ்சல். வாடிக்கையாளர் பணம் கட்டியதும் உறுதி மின்னஞ்சல் போக வேண்டும். ஹோஸ்டிங்கின் இயல்பு அமைப்பிலேயே விட்டுவிட்டால் அது ஸ்பேம் பெட்டியில் விழவோ போகாமலே நிற்கவோ கூடும். மின்னஞ்சல் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி வழியாக அனுப்பும்படி அமைத்து, அனுப்புவது உங்கள் தளம்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் சேர்த்து, ஜிமெயில் முகவரி ஒன்றுக்கு அனுப்பிக் காட்ட வேண்டும். கடையின் பெயரிலான மின்னஞ்சல் முகவரி எத்தனை, அதற்கு மாதக் கட்டணம் உண்டா என்பதையும் இதோடு கேட்டுவிடுங்கள்.

கொள்கைப் பக்கங்கள். பேமென்ட் கேட்வே நிறுவனம் உங்கள் கணக்கை ஏற்கும் முன், தளத்தில் விதிமுறைகள், தனியுரிமை, பணம் திரும்பப்பெறுதல், பொருள் அனுப்புதல், தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். இவற்றின் வாசகத்தை யார் எழுதுவது? ‘10 பக்கங்களில்’ இவையும் அடங்குமா? அடங்கும் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது ஐந்து பக்கங்களே. பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், ஜிஎஸ்டி சான்றிதழ் ஆகியவற்றையும் தயாராக வையுங்கள். இந்தச் சரிபார்ப்புக்குச் சில வேலைநாள்கள் ஆகலாம் என்பதால், கொள்கைப் பக்கங்களை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.

காப்புப்பிரதி எத்தனை நாளுக்கு ஒருமுறை, எங்கே சேமிக்கப்படும் என்பதும், உங்களுக்குப் பயிற்சி எத்தனை மணி நேரம் என்பதும் விடுபடும் இனங்களே. ஒரு வரியில் கேட்டால் போதும்.

## 5. எது யார் பெயரில் என்று எழுதச் சொல்லுங்கள்

மாதிரியின் முதல் இனத்தில் டொமைனையும் ஹோஸ்டிங்கையும் சேர்த்து விலை போட்டிருக்கிறார்கள். இரண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் டொமைனை உங்கள் சொந்த மின்னஞ்சல், சொந்தக் கைப்பேசி எண் கொண்டு நீங்களே வாங்குங்கள். அது அரைமணி நேர வேலைதான். நிறுவனத்தின் கணக்கில் வாங்கப்பட்ட டொமைனை வேறிடத்துக்கு மாற்ற, அவர்கள் பூட்டை நீக்கி இடமாற்றக் குறியீட்டைத் தர வேண்டும். மனக்கசப்பு வந்த பிறகு அதைப் பெறுவது கடினம். டொமைன் தகவல்களைத் தேடிப் பார்த்தால் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டே தெரியும். ஆகவே உங்களால் அந்தக் கணக்கில் நுழைய முடிகிறதா என்பதே நம்பகமான சோதனை.

நிரல், வடிவமைப்பு ஆகியவற்றின் பதிப்புரிமையைப் பற்றி விலைப்புள்ளிகளில் பெரும்பாலும் ஒரு சொல்கூட இருப்பதில்லை. பணம் கொடுத்துச் செய்வித்தது நம்முடையதே என்று நினைப்பது இயல்பு. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, படைப்பை உருவாக்கியவரே பொதுவாக முதல் உரிமையாளர். பணம் கொடுத்துச் செய்வித்தவருக்கு உரிமை சேரும் என்று அங்கே சொல்லப்பட்ட விதிவிலக்குகளில் புகைப்படம், ஓவியம் போன்றவை உண்டு, கணினி நிரல் இல்லை. பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டுகளுக்கும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள்ளும் மட்டுமே அது செல்லும். எனவே, ‘முழுத்தொகையும் செலுத்தியபின், இத்தளத்துக்கென உருவாக்கிய நிரல், வடிவமைப்பு, படங்கள் ஆகியவற்றின் பதிப்புரிமை, அதன் முழுக் காலத்துக்கும் உலக அளவிலும் வாடிக்கையாளருக்கு மாற்றப்படுகிறது’ என்ற வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் போன்ற திறமூல மென்பொருள் அதன் சொந்த உரிமத்தின் கீழேயே இருக்கும், அதை யாரும் உங்களுக்கு மாற்றித்தர இயலாது. பெரிய தொகை என்றால் இந்த வாக்கியத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

## 6. தவணையையும் காலத்தையும் திருத்துங்கள்

‘உள்ளடக்கம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்’ என்பதில் உள்ளடக்கம் எது என்று வரையறை இல்லை. அறுபதாவது பொருளின் படம் வரும்வரை 30 நாள் தொடங்கவே இல்லை என்று அவர்கள் சொல்ல முடியும். நீங்கள் எந்தத் தேதிக்குள் எதைத் தருவீர்கள், அவர்கள் எந்தத் தேதிக்குள் எதைக் காட்டுவார்கள் என்று இருபக்கமும் தேதி போடுங்கள். வடிவமைப்பில் எத்தனை சுற்றுத் திருத்தம், ‘ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும்’ என்பது போன்ற நிபந்தனை உண்டா என்பவற்றையும் பாருங்கள். புதுச் சரக்கு வரும் காலத்தில் ஏழு நாள் கவனிக்காமல் போய்விடும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும்.

60 விழுக்காடு முன்பணம் அதிகம். 30 முன்பணம், வடிவமைப்பு ஒப்புதலின்போது 30, சோதனைத் தளத்தில் எல்லாம் இயங்கிக் காட்டியபின் 30, தளம் வெளியாகி ஒரு மாதம் கழித்து 10 என்று கேட்டுப் பாருங்கள். கடைசி 10 விழுக்காடு முக்கியம்: உண்மையான வாடிக்கையாளர்கள் வாங்கத் தொடங்கிய பிறகே பல பிழைகள் தெரியவரும்.

## 7. திருத்திய விலைப்புள்ளியைக் கேட்டு வாங்குங்கள்

தொலைபேசியில் பேசி முடிக்காமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். தொகையைக் குறைக்கச் சொல்லிப் பொதுவாக எழுதினால், தாளில் எண் குறையும், வேலையும் சொல்லாமல் குறையும். இனத்தின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்:

“இனம் 2: லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் போதும், நீக்கவும். இனம் 4: மூன்றில் சேர்க்கவும். இனம் 7: தளம் வூகாமர்ஸில் அமைவதால் நீக்கி, பயிற்சியைத் தனி இனமாகக் காட்டவும். இனம் 9: எட்டில் சேர்க்கவும். இனம் 1: நாங்களே வாங்குகிறோம். 60 பொருள்களை இருமொழியில் ஏற்றுதல், யூனிகோட் மாற்றமும் மெய்ப்பும், ஆர்டர் மின்னஞ்சல் அமைப்பு ஆகியவற்றுக்கு விலை சேர்க்கவும்.”

மாதிரியில் இதன் விளைவைக் கணக்கிடுவோம். நீங்கியவை 9,500, 4,000, 8,000, 12,000, 3,500, மொத்தம் ரூ. 37,000. மீதி ரூ. 83,000. பொருள் ஒன்றுக்கு ரூ. 100 வீதம் ஏற்றும் வேலைக்கு 6,000, யூனிகோட் வேலைக்கு 3,000, மின்னஞ்சல் அமைப்புக்கு 2,500, பயிற்சிக்கு 3,000 என்று ரூ. 14,500 சேர்ந்தால் ரூ. 97,500. ஜிஎஸ்டி ரூ. 17,550 சேர்த்து ரூ. 1,15,050. டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் நீங்கள் நேரடியாகக் கட்டுவது இதற்கு வெளியே. சில நிறுவனங்கள் நீக்கச் சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ளும். அட்மின் பேனலுக்கான தொகையை மூன்றாம் இனத்தில் ஏற்றிக் காட்டுபவர்களும் உண்டு. அதனால் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, நீங்கள் தொடாத இனங்களின் தொகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதே மின்னஞ்சலின் பட்டியலை மற்ற நிறுவனங்களுக்கும் அனுப்பி, அதே இன வரிசையில் விலை கேளுங்கள். ஒப்புக்கொண்ட இறுதி விலைப்புள்ளியில் தேதி, அது செல்லுபடியாகும் நாள், பக்க எண் மூன்றும் இருக்க வேண்டும். நீங்கள் தரும் வேலை உத்தரவில் அந்த விலைப்புள்ளியின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, இருவரும் எல்லாப் பக்கங்களிலும் கையொப்பமிட்ட பின்னரே முன்பணத்தை வங்கி வழியாகச் செலுத்துங்கள்.